வெளிநாட்டு வேலைக்கான செவிலியர் ரெஸ்யூமே: சேலம் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு பகுதிகளில் பணியாற்றும் செவிலியர்கள் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் என்னிடம் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சிஸ்டர், காலேஜ்ல கொடுத்த பயோடேட்டா மாடல் இருக்கு. அதையே இங்கிலீஷ்ல நல்லா டைப் பண்ணி அனுப்பினா ஆகாதா?

ஆகாது. அந்த மாதிரியில் தந்தை பெயர், மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு எல்லாம் முதலில் வரும். கவுன்சில் பதிவு எண் இரண்டாம் பக்கத்தின் கீழே, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் பிறகு ஒளிந்திருக்கும். வெளிநாட்டு மருத்துவமனையில் அதைப் பிரிப்பவர் முதலில் தேடுவது மூன்றே செய்திகள். இவர் இப்போது எங்கே, எந்த நிலையில் பதிவு பெற்றிருக்கிறார்? எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்? பதிவுக்குப் பிறகு எத்தனை ஆண்டு அனுபவம்? இந்த மூன்றும் முதல் பக்கத்தின் மேல்பாதியிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி அமையட்டும்: பெயரும் தொடர்பு விவரமும், பதிவும் உரிமங்களும், மருத்துவப் பிரிவு அனுபவத்தின் சுருக்கம், பணி வரலாறு (இப்போதைய வேலை முதலில்), படிப்பு, பயிற்சிச் சான்றுகள். இரண்டு பக்கம் போதும். மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று கீழே கையெழுத்திடும் உறுதிமொழியும் வேண்டாம். மாணவியாக இருந்தபோது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் வார்டு வார்டாகப் பார்த்த பயிற்சி, படிப்பின் கீழே ஒரு வரியாக வரலாம். அது பணி அனுபவம் ஆகாது.

பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு, கவுன்சில் சர்டிஃபிகேட்ல வெறும் இனிஷியல்தான். எதைப் போடுறது?

தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. செல்வி என்ற எடுத்துக்காட்டுப் பெயரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழிலும் பட்டத்திலும் கவுன்சில் பதிவிலும் ‘செல்வி எம்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் செல்வி என்பது கிவன் நேம், முருகன் என்பது சர்நேம். பாஸ்போர்ட்டைக் கொண்டு எழுதும் ஆங்கிலத் தேர்வின் முடிவிலும் ‘செல்வி முருகன்’ என்றே வரும். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் மூன்றாவது வடிவம் ஒன்றும் கூடிவிடும்.

ரெஸ்யூமேவின் தலைப்பில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் வர வேண்டும், எழுத்துக்கு எழுத்து அப்படியே. பதிவு விவரங்களின் கீழே, கவுன்சில் ஆவணங்களில் பெயர் ‘செல்வி எம்’ என்று உள்ளது, எம் என்பது முருகன் என்ற தந்தை பெயரின் முதலெழுத்து என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியே வாரங்கள் போகும். உரிம விண்ணப்பத்தின்போது உறுதிமொழிப் பத்திரம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ரெஸ்யூமேவுக்கு அது தேவையில்லை.

கவுன்சில் நம்பர் ஒண்ணுதானே, அதை ஒரு ஓரமா எழுதினாப் போதும்ல?

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் செவிலியர் பதிவு, மிட்வைஃப் எனப்படும் தாதியர் பதிவு என்று இரண்டு இருக்கின்றன. இரண்டு எண்களும் வேறு வேறு. பலர் இரண்டையும் சாய்கோடு போட்டு ஒட்டி எழுதிவிடுகிறார்கள், சிலர் ஒன்றை விட்டே விடுகிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி வரி கொடுங்கள்: பதிவு வழங்கிய அமைப்பின் முழுப்பெயர், பதிவின் வகை, எண், முதன்முதல் பதிவான தேதி, எந்தத் தேதி வரை செல்லும், இப்போதைய நிலை. உங்கள் சான்றிதழில் ஒரே பதிவுதான் உள்ளது என்றால் ஒரு வரியோடு நிறுத்துங்கள்.

முதல் பதிவுத் தேதியையும் புதுப்பித்த தேதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புதுப்பித்த தேதியை மட்டும் எழுதினால், நேற்றுத்தான் செவிலியரானது போலத் தெரியும். இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்து தனி அடையாள எண் பெற்றிருந்தால் அதற்கும் ஒரு வரி. ஆனால் அது மாநிலக் கவுன்சில் எண்ணுக்கு மாற்று ஆகாது.

தாதியர் பதிவு இருக்கிறது என்பதற்காக பிரிட்டனுக்கு அனுப்பும் ரெஸ்யூமேவின் தலைப்பில் ‘மிட்வைஃப்’ என்று போடக் கூடாது. அங்கே செவிலியர்களும் மிட்வைஃப்களும் பதிவேட்டின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பொதுச் செவிலியப் படிப்பு முடித்தவர்கள் வழக்கமாக ‘அடல்ட் நர்ஸ்’ பிரிவில்தான் விண்ணப்பிக்கிறார்கள். இந்தியப் பதிவை இந்தியப் பதிவு என்றே காட்டுங்கள்.

இந்த நம்பரையெல்லாம் போட்டா யாராவது தப்பா யூஸ் பண்ண மாட்டாங்களா?

பதிவு எண் சரிபார்ப்பதற்காகவே இருப்பது. அதை மறைத்தால் ரெஸ்யூமேவே பயனில்லை. பாஸ்போர்ட் எண், ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவை ரெஸ்யூமேவில் வரவே கூடாது. பாஸ்போர்ட் எந்த மாதம் வரை செல்லும் என்பது மட்டும் போதும்.

பிராமெட்ரிக் பாஸ் பண்ணிட்டேன், துபாய் எலிஜிபிலிட்டியும் வந்துடுச்சு. டி.எச்.ஏ. லைசென்ஸ்டு நர்ஸ்னு போட்டுக்கலாமா?

கூடாது. இப்போது உங்களிடம் இருப்பது துபாய் சுகாதார ஆணையமான டி.எச்.ஏ. தந்த தகுதிக் கடிதம். துபாயில் ஒரு மருத்துவமனை உங்களை வேலைக்கு எடுத்து, அதன் பெயரில் உரிமம் செயல்பாட்டுக்கு வந்த பிறகுதான் நீங்கள் உரிமம் பெற்ற செவிலியர். ‘டி.எச்.ஏ. தகுதிக் கடிதம் பெற்றவர், கடிதம் இன்ன தேதி வரை செல்லும், உரிமம் இன்னும் செயல்படுத்தப்படவில்லை’ என்று எழுதினால் படிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். தகுதிக் கடிதம் கையில் இருப்பதே அவர்களுக்கு நல்ல செய்திதான், அதை ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை. டேட்டாஃப்ளோ அறிக்கையும் உரிமம் அல்ல. உங்கள் சான்றிதழ்களை அவற்றை வழங்கிய இடத்திலேயே கேட்டுச் சரிபார்த்ததன் முடிவு அது. அதற்கு ‘சரிபார்ப்பு’ என்று தனி வரி கொடுங்கள்.

மற்ற நாடுகளுக்கும் இதே முறைதான். பிரிட்டனுக்குக் கணினித் தேர்வு சி.பி.டி., செய்முறைத் தேர்வு ஓஸ்கி; எனவே ‘சி.பி.டி. தேர்ச்சி, ஓஸ்கி இன்னும் முடிக்கவில்லை’ என்று படியைச் சொல்லுங்கள். அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவு முடிந்து, ‘பின்’ எனப்படும் பதிவு எண் கிடைத்தவர்கள் மட்டுமே ‘என்.எம்.சி. பதிவு பெற்றவர்’ என்று எழுதலாம். அமெரிக்காவுக்கு ‘என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்ச்சி’ என்று மட்டும் எழுதினால் அரைச் செய்தி; எந்த மாநிலத்தின் வாரியம் வழியாக எழுதினீர்கள், அந்த மாநிலத்தில் உரிமம் வந்துவிட்டதா என்பதையும் சேர்த்தால்தான் முழுமை.

ஆங்கிலத் தேர்வு முடிவும் இந்தப் பகுதியிலேயே வரட்டும், நான்கு பிரிவுகளின் மதிப்பெண்ணும் தேர்வு எழுதிய தேதியும் தெரியும்படி. ‘ஐ.இ.எல்.டி.எஸ். 7’ என்று ஒற்றை எண்ணை எழுதுவதால் பயனில்லை. பிரிட்டனின் என்.எம்.சி. கேட்பது கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5. ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுதுதலில் சி பிளஸ். மொத்தம் 7 வந்தும் வாசித்தலில் 6.5 வாங்கியவர் இருக்கலாம். பார்ப்பவர் அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

ஐ.சி.யூ.ல மூணரை வருஷம்னு எழுதினா அவங்களுக்குப் புரியாதா?

ஐ.சி.யூ. என்பதற்கு நம் ஊரிலேயே பல பொருள் உண்டு. ஐந்து ரோடு பக்கத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மானிட்டர் வைத்த ஆறு கட்டில்களுக்கும் அதே பெயர், வென்டிலேட்டர் வரிசையாக ஓடும் இடத்துக்கும் அதே பெயர். எனவே அந்தப் பிரிவு எப்படிப்பட்டது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மருத்துவமனையில் மொத்தம் எத்தனை படுக்கை, உங்கள் பிரிவில் எத்தனை, ஒரு ஷிப்ட்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், எந்த மாதிரி நோயாளிகள், எந்தக் கருவிகளைக் கையாண்டீர்கள் என்ற ஐந்தும் வந்தால் படிப்பவர் மனத்தில் அந்த வார்டு எழுந்து நிற்கும்.

ஏற்காட்டைச் சேர்ந்த, 2021 மார்ச் 1 முதல் 2024 ஆகஸ்ட் 31 வரை சேலத்தில் மெடிக்கல் ஐ.சி.யூ.வில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய முதல் வடிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘வைட்டல்ஸ் பார்த்தல், மருந்து கொடுத்தல், டாக்டர் ரவுண்ட்ஸில் உதவுதல், நோயாளிகளை அன்புடன் கவனித்தல்’. உலகத்தில் எந்தச் செவிலியரும் செய்யும் வேலை இது. இதை வைத்து அவரை எந்த வார்டில் போடுவது என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. உட்கார்ந்து பேசிய பிறகு அமைந்த வரிகள் இவை: ‘150 படுக்கை மருத்துவமனை, 12 படுக்கை மெடிக்கல் ஐ.சி.யூ.; வென்டிலேட்டரில் உள்ள நோயாளி என்றால் ஒருவர், மற்றபடி இருவர் என் பொறுப்பில். நோயாளிகள்: செப்சிஸ், மூச்சுத்திணறல், சர்க்கரை நோயின் கீட்டோஅசிடோசிஸ், பூச்சிமருந்து விஷம், பாம்புக்கடி. தனியாகச் செய்தவை: வென்டிலேட்டர் நோயாளி பராமரிப்பு, சளி உறிஞ்சுதல், டிரக்கியாஸ்டமி பராமரிப்பு, இன்ஃப்யூஷன் பம்ப்பில் இன்சுலினும் நார்அட்ரினலினும், சென்ட்ரல் லைன் பராமரிப்பு. மருத்துவருக்கு உதவியவை: குழாய் பொருத்துதல், சென்ட்ரல் லைன் போடுதல்’.

பூச்சிமருந்தையும் பாம்புக்கடியையும் அவர் எழுதத் தயங்கினார். வெளிநாட்டில் இது எதற்கு என்பது அவர் எண்ணம். விவசாயப் பகுதி ஐ.சி.யூ.க்களில் அன்றாடம் வருபவை இவை. அட்ரோபின் சொட்டை மணிக்கணக்கில் ஓடவிட்டு, கண்மணியின் அளவும் நுரையீரல் சத்தமும் பார்த்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றியவர், இடைவிடாத கவனிப்பு தெரிந்தவர் என்பதை எந்த நாட்டு ஐ.சி.யூ. பொறுப்பாளரும் புரிந்துகொள்வார். நேர்காணலில் கேள்வி வருவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வரியிலிருந்துதான்.

தனியாகச் செய்ததையும் உதவியதையும் பிரித்தே எழுதுங்கள். இரண்டையும் கலந்து ‘இன்ட்யூபேஷன்’ என்று போட்டால், நீங்களே குழாய் போட்டதாகப் பொருள்படும். அந்தச் சந்தேகம் மற்ற வரிகளின் மேலும் விழும்.

நான் வேலை பாத்தது இருபது பெட் ஆஸ்பத்திரி. ஓ.பி., பிரசவம், கேஷுவால்டி எல்லாமே நானேதான். எந்தப் பிரிவுன்னு சொல்றது?

எல்லாவற்றையும் சம அளவில் எழுதினால் எதிலும் ஆழமில்லாதவர் போல ஆகிவிடும். மேலே சொன்னவரே ஐ.சி.யூ.வுக்கு முன் ஏற்காட்டுப் பக்கம் இப்படி ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்தார். ‘20 படுக்கைப் பொது மருத்துவமனை, முதன்மைப் பணி ஆண், பெண் மருத்துவ வார்டு, சுழற்சியில் அவசரப் பிரிவு, பிரசவ அறை’ என்று முதன்மையையும் சுழற்சியையும் பிரித்து எழுதினோம். டூட்டி நோட்டு உங்கள் கையில் இருந்தால் அதைப் பார்த்தே எது முதன்மை என்று முடிவு செய்யுங்கள். பிடித்த பிரிவை முதன்மை ஆக்காதீர்கள், ஏனென்றால் அனுபவச் சான்றிதழிலும் அதே பிரிவு வர வேண்டும்.

எஸ்டேட்டிலிருந்து வரும் நோயாளியை முதலில் நிலைப்படுத்தி, மலை இறங்கி சேலத்துக்கு ஆம்புலன்ஸில் உடன் வந்ததையும் அவர் விட்டிருந்தார். நோயாளியை இடமாற்றும்போது பராமரிப்பது தனித்திறன்; அதற்கு ஒரு வரி கட்டாயம் உண்டு.

கவுன்சில்ல ரிஜிஸ்டர் ஆகுறதுக்கு முன்னாடியே வேலைக்குச் சேந்துட்டேன். அந்த மாசத்தையும் சேத்து எண்ணலாமா?

வேலைக்குச் சேர்ந்த தேதியை மறைக்க வேண்டாம், ஆனால் அனுபவ எண்ணிக்கையில் சேர்க்கவும் வேண்டாம். தேர்வு முடிந்ததும் தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, பல்கலைக்கழகச் சான்று வந்து கவுன்சில் பதிவு ஆகும் வரை சில மாதம் ஓடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. உரிமம் தரும் அமைப்புகள் கேட்பது பதிவு பெற்ற பிறகான அனுபவம். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

அதே செவிலியரின் கணக்கைப் பாருங்கள். ஏற்காட்டு மருத்துவமனையில் 2018 நவம்பர் 5 முதல் 2020 ஜூன் 30 வரை. கவுன்சில் பதிவு 2019 பிப்ரவரி 11. அவர் இதை இருபது மாத அனுபவம் என்று எழுதியிருந்தார். பதிவுக்குப் பிறகு பார்த்தால் பதினாறு மாதமும் சில நாட்களும்தான். ரெஸ்யூமேவில் அதை இரண்டு வரியாக்கினோம்: 2018 நவம்பர் முதல் 2019 பிப்ரவரி 10 வரை பதிவுக்கு முந்தைய பயிற்சிப் பணி, 2019 பிப்ரவரி 11 முதல் பதிவு பெற்ற செவிலியர். அந்த முதல் வரிக்கு மருத்துவமனை என்ன பதவிப் பெயர் கொடுத்தது என்பதைச் சான்றிதழில் பார்த்து அதையே போட வேண்டும். ஐ.சி.யூ.வின் மூன்றரை ஆண்டைக் கூட்டினால் அவருக்கு மொத்தம் நான்கு ஆண்டு பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. கழித்த மூன்று மாதத்தால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை.

குழந்தை பிறந்தப்போ எட்டு மாசம் வீட்ல இருந்தேன். அந்த இடைவெளியை எப்படி மூடுறது?

மூடக் கூடாது. ‘2020 ஜூலை முதல் 2021 பிப்ரவரி வரை: மகப்பேறு, பணியில் இல்லை’ என்று பணி வரலாற்றின் நடுவிலேயே எழுதுங்கள். வருடங்களை மட்டும் போட்டு மாதத்தை விட்டுவிடுவது பழைய தந்திரம். சான்றிதழ்களில் தேதி முழுசாக இருப்பதால் அது நிற்காது. ஐ.இ.எல்.டி.எஸ். கோச்சிங்குக்காக வேலையை விட்டவர்களும் அதையே எழுதலாம். ஆனால் இடைவெளி இரண்டு ஆண்டைத் தாண்டினால் பல வளைகுடா நாடுகளில் உரிமத்துக்கே கூடுதல் நிபந்தனை வரும் என்பதால், அப்படிப்பட்டவர்கள் ரெஸ்யூமேவைச் செப்பனிடுவதற்கு முன் இங்கேயே மீண்டும் பணியில் சேர்வது நல்லது.

எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்ல வெறும் ‘ஸ்டாஃப் நர்ஸ்’னுதான் இருக்கு, ஐ.சி.யூ.ன்னே இல்ல. ரெஸ்யூமேல நான் எழுதிக்கலாம்ல?

எழுதலாம், ஆனால் அதற்கு முன் மருத்துவமனையில் புதிய கடிதம் கேளுங்கள். டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பில் உங்கள் பழைய மருத்துவமனைக்கே கேள்வி போகும். பதில் சொல்லும் மனிதவள அலுவலர் தன் கோப்பில் உள்ளதைத்தான் சொல்வார். பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவரங்களோடு மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் கையெழுத்துடன் வாங்குவது நல்லது. தேதிகளில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் ரெஸ்யூமேவைத்தான் கடிதத்துக்கேற்ப மாற்ற வேண்டும்.

மருத்துவமனையே மூடிவிட்டது என்றால், சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ரெஸ்யூமேவில் ‘மருத்துவமனை தற்போது இயங்கவில்லை’ என்று அந்த வேலையின் கீழேயே குறிப்பிடுங்கள். சரிபார்ப்பவர் எண்ணை அழைத்து யாரும் எடுக்காமல் போவதைவிட இது மேல்.

ஏஜென்ட் ஒருத்தர் ஒரு வருஷம் கூட்டிப் போட்டுக்கலாம், நானே ரெஸ்யூமே செஞ்சு தர்றேங்கிறாரு. விடலாமா?

விடாதீர்கள். கூட்டிய அந்த ஒரு ஆண்டு, முந்தைய பதிலில் சொன்ன சரிபார்ப்பில் முதல் வேலையாகச் சிக்கும். பொய்யான ஆவணம் என்று ஒருமுறை பதிவானால் அது உங்கள் பெயரில்தான் நிற்கும், ஏஜென்ட் பெயரில் அல்ல. யார் திருத்தினாலும், மருத்துவமனைக்குப் போகும் கடைசி வடிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சவூதி, குவைத் போன்ற குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியராகப் போக மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியான அனுமதி வேண்டும். தமிழ்நாடு அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனமும் செவிலியர்களை அனுப்புகிறது என்பதால் அங்கேயும் விசாரிக்கலாம்.

முன்னாடி சவூதில இருந்தேன், அந்த லைசென்ஸ் காலாவதி ஆயிடுச்சு. இப்ப அயர்லாந்துக்குப் போடுறேன். பழசைச் சொல்லணுமா?

சொல்லியே ஆக வேண்டும். பதிவுப் பகுதியில், நடப்பில் உள்ளவற்றுக்குக் கீழே, சவூதி ஆணையத்தின் பெயர், பதிவு எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ‘காலாவதி, புதுப்பிக்கவில்லை’ என்ற நிலை எல்லாவற்றையும் போடுங்கள். காலாவதி ஆனதற்கும் ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சொல்லில்தான் தெரியும். வெறும் ‘செயலில் இல்லை’ என்று எழுதினால் இரண்டில் எது என்று புரியாது.

புதிய நாட்டின் கவுன்சில், நீங்கள் முன்பு பதிவு பெற்றிருந்த அமைப்புகளிடமிருந்து உங்கள் மீது புகார் ஏதும் இல்லை என்ற நன்னிலைச் சான்றைக் கேட்கும். பணி வரலாற்றில் சவூதி மருத்துவமனை இருந்து, பதிவுப் பகுதியில் சவூதி இல்லாமல் இருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அந்தச் சான்று வர நாளாகும் என்பதால், ரெஸ்யூமேவை அனுப்பும் வாரத்திலேயே அதற்கும் தமிழ்நாடு கவுன்சில் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பித்த தேதியைப் பதிவு வரியின் பக்கத்தில் குறித்தால் மருத்துவமனையும் காலக்கணக்கைப் போட்டுக்கொள்ளும்.